முழங்காலில் வலி, இடுப்பில் நோய்

10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட ஒரு சிறுவனோ சிறுமியோ முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக் காலை விந்தி நடக்கும்போது, முழங்காலோடு இடுப்பு மூட்டையும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பது குழந்தைகள் எலும்பு மருத்துவத்தின் பழைய பாடங்களுள் ஒன்று. பழையதாயினும் அது இன்றும் தவறவிடப்படுகிறது. பிள்ளை விரல் வைத்துக் காட்டும் இடத்தில் நோய் இல்லை என்பதே அதற்குக் காரணம். அந்த வயதில் இவ்வாறு முழங்கால் வலியாக வெளிப்படும் இடுப்பு நோய்களுள் முதன்மையானது, தொடை எலும்பின் தலை அதன் கழுத்திலிருந்து வழுகிவிடும் நோயாகும். மருத்துவர்கள் இதனை ஸ்லிப்டு கேப்பிட்டல் ஃபெமரல் எபிஃபிஸிஸ் என்று வழங்குவர். இங்கு அது எளிமை கருதித் தலை வழுகல் என்றே குறிக்கப்படுகிறது.

இடுப்பின் நோய் முழங்காலில் வலிப்பதற்கு நரம்புகளின் அமைப்பே காரணம். இடுப்பு மூட்டின் உறைக்கு உணர்வுக் கிளை தரும் ஆப்ச்சுரேட்டர் நரம்பே தொடையின் உட்புறத்துக்கும் முழங்காலின் உட்பக்கத்துக்கும் கிளை அனுப்புகிறது. தொடையின் முன்புறமாக இறங்கும் ஃபெமரல் நரம்பும் இவ்வாறே இரண்டு மூட்டுகளுக்கும் பொதுவானது. ஒரே நரம்பின் வழியாக இரண்டு இடங்களின் செய்திகளும் முதுகுத்தண்டை அடைவதால், மேலே கிளம்பிய வலியைக் கீழே உள்ள மூட்டின் வலியாக மூளை எடுத்துக்கொள்வதுண்டு. ஆகவே முழங்காலைத் தொட்டுக் காட்டும் பிள்ளை பொய் சொல்வதுமில்லை, குழம்புவதுமில்லை. அவனுக்கு வலி அங்கேதான் தெரிகிறது. இடுப்பில் சிறிதும் வலி இல்லாமல் தொடையின் கீழ்ப்பகுதியிலும் முழங்காலிலும் மட்டுமே வலியுள்ள பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கே நோய் கண்டறியப்படுவது மிகவும் தாமதமாகிறது.

தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற தலை ஒன்றும், அதனைத் தண்டோடு இணைக்கும் கழுத்து ஒன்றும் உள்ளன. வளரும் வயதில் இவ்விரண்டுக்கும் இடையே குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். எலும்பு நீள்வது இங்கிருந்துதான் என்பதால் இதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். பிள்ளை விரைந்து வளரும் பருவத்தில் இந்தத் தட்டு தடித்து, அதனாலேயே வலுக் குறைந்து, முன்னைவிடச் சாய்வாகவும் அமைகிறது. நடக்கும்போது இடுப்பு மூட்டின்மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு விசை விழுகிறது. எடை மிகுந்த பிள்ளையிடம் அந்த விசை, சாய்ந்த தட்டை நாள்தோறும் நறுக்குவது போல் தாக்கும்போது தட்டு விட்டுக்கொடுக்கிறது: தலை இடுப்புக் கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட, கழுத்து முன்னோக்கி நகர்ந்து வெளிப்புறமாகத் திரும்புகிறது. பெரும்பாலும் இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நடப்பது. விழுந்தான், அடிபட்டது என்று சொல்லத் தக்க நிகழ்ச்சி எதுவும் இராது.

நோயின் வழக்கமான போக்கைக் காட்ட, 12 வயதும் 68 கிலோ எடையும் உள்ள ஒரு சிறுவனை மாதிரியாகக் கொள்ளலாம். விளையாட்டு வகுப்புக்குப் பின் இடது முழங்காலின் உட்புறம் வலிக்கிறது என்கிறான். இரவு தூங்கி எழுந்தால் குறைகிறது, மாலையில் மறுபடி வருகிறது. வீட்டில் தைலம் தேய்க்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் எடுத்த முழங்கால் எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. முழங்காலில் குறையில்லை என்பதால் அது இயல்பாகத்தான் இருக்கும். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்ற தேறுதலோடு வலி மாத்திரை தரப்படுகிறது. இங்கேதான் தவறு நேர்கிறது. வளர்ச்சி வலி எனப்படுவது பெரும்பாலும் இதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு இரவில் இரண்டு கால்களிலும் வந்து, காலையில் சுவடின்றிப் போய்விடுவது. அது எந்தப் பிள்ளையையும் நொண்ட வைப்பதில்லை. ஒரே காலில் பகலில் வலித்து நடையையும் மாற்றுகிற வலிக்கு அந்தப் பெயரைச் சூட்டுதல் ஆகாது.

இந்தச் சிறுவன் நடப்பதைப் பின்னாலிருந்து கவனித்தால், இடது பாதம் வலப் பாதத்தைவிட வெளிநோக்கித் திரும்பியிருப்பதும், அக்காலின்மீது எடை விழும்போது உடல் அந்தப் பக்கம் சாய்வதும் தெரியும். குந்தி உட்காரும்போது இடது முழங்கால் நேராக நெஞ்சை நோக்கி வராமல் வெளிப்புறமாக விலகிப்போகும். மருத்துவர் செய்யும் சோதனையும் இதையே ஒழுங்குபடுத்திய ஒன்றுதான்: பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தொடையை வயிற்றை நோக்கி உயர்த்தும்போது, கால் தானாகவே வெளிப்பக்கம் சுழன்றால் அது தலை வழுகலின் அடையாளம், ட்ரேமான் குறி என்று இதனை அழைப்பர். இடம் மாறிய கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டுவதால், கால் விலகிச் சென்றாலன்றி மேலே உயர வழியில்லை. தொடையை உட்பக்கமாகச் சுழற்ற முயன்றால் வலி எழுவதும், மறுகாலைவிட அந்த அசைவு குறைந்திருப்பதும் இதனோடு சேர்ந்தே காணப்படும். சில நிமிடமும் ஒரு படுக்கையும் போதுமான இச்சோதனை, முழங்கால் எக்ஸ்ரேக்கு எழுதித் தருவதற்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டியது. நிற்கவே முடியாத பிள்ளையிடம் மட்டும் காலை இவ்வாறு அசைத்துப் பார்க்கக் கூடாது; சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி இழுக்கவும் கூடாது.

எக்ஸ்ரே இரண்டு இடுப்புகளும் சேர்ந்து தெரியும்படி முன்பக்கத்திலிருந்து ஒன்றும், பக்கவாட்டுத் தோற்றம் ஒன்றுமாக எடுக்கப்பட வேண்டும். தலை பெரும்பாலும் பின்னோக்கியே வழுகுவதால் தொடக்க நிலையில் முன்பக்கப் படம் ஏறத்தாழ இயல்பாகத் தோன்றி ஏமாற்றும். பக்கவாட்டுப் படமே அதனை வெளிப்படுத்தும். முன்பக்கப் படத்தில் கழுத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், இயல்பான இடுப்பில் அந்தக் கோடு தலையின் ஒரு பகுதியை வெட்டிச் செல்லும். வழுகிய இடுப்பில் தலையைத் தொடாமலோ, மறுபக்கத்தைவிடக் குறைவாக வெட்டியோ போகும். க்ளைன் கோடு எனப்படும் இது ஓர் அளவுகோலும் பென்சிலும் கொண்டு பார்க்கக் கூடியது.

இனிச் சிறுவனின் கதை இரண்டாகப் பிரிகிறது. ஆறாம் வாரத்தில், வலியோடாயினும் ஊன்றி நடக்கிற நிலையில் நோய் கண்டறியப்பட்டால், அந்த நிமிடம் முதல் அவன் அக்காலை ஊன்றாமல் சக்கர நாற்காலியில் ஏற்றப்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்படாமல் மருத்துவமனையில் சேர்க்கப்படுவான். தொடையில் சிறு கீறல் வழியாக, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே, நடுவில் துளையுள்ள ஒற்றைத் திருகாணி கழுத்தின் வழியே தலையின் மையத்துக்குள் செலுத்தப்படும். நகர்ந்த தலையை இழுத்துப் பழைய இடத்தில் வைக்கும் முயற்சி இதில் இல்லை. மேலும் வழுகாமல், இருக்கும் இடத்திலேயே அது நிறுத்தப்படுகிறது. சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கும் வழக்கமான வாழ்க்கைக்கும் திரும்புகின்றனர். வழுகல் சிறிதாக இருக்கும்போதே நிறுத்தப்பட்டால் மூட்டின் வடிவமும் பெரிதாகக் கெடுவதில்லை. பெரிதான பின் நிறுத்தப்பட்டால், கோணிய கழுத்து கிண்ணத்தை முட்டி முட்டி, நடுவயதுக்கு முன்பே மூட்டுத் தேய்மானத்தைக் கொண்டுவரக் கூடும்.

மற்றொரு கிளை கொடியது. முழங்காலுக்குத் தைலமும் மாத்திரையும் தொடர, எட்டாம் வாரத்தில் மாடிப்படியில் கால் இடறி, அதுவரை மெல்ல நகர்ந்துவந்த தலை ஒரே கணத்தில் முற்றிலும் வழுகிவிடுகிறது. சிறுவனால் ஊன்றுகோல் கொண்டும் நிற்க முடிவதில்லை. தலைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் கழுத்தின் பின்புறத்தை ஒட்டியே ஏறுகின்றன. வளர்ச்சித் தட்டைத் தாண்டிக் கழுத்திலிருந்து தலைக்கு இரத்தம் போகவும் இவ்வயதில் வழியில்லை. ஆதலால் அக்குழாய்கள் முறுக்குண்டாலோ கிழிந்தாலோ தலை உயிரிழந்து, பின்வரும் மாதங்களில் நொறுங்கிச் சரிகிறது. அமெரிக்க மருத்துவர் ராண்டல் லோடரும் அவருடைய குழுவினரும் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நிற்க முடியாத நிலையில் வந்த 30 இடுப்புகளுள் 14 இவ்வாறு உயிரிழந்தன. ஊன்ற முடிந்த நிலையில் வந்த 25 இடுப்புகளுள் ஒன்றுகூட இழக்கப்படவில்லை. பிற்கால ஆய்வுகளில் முதல் விகிதம் இடத்துக்கு இடம் மாறுபட்டுப் பெரும்பாலும் இதைவிடக் குறைந்திருந்தாலும், இரு வகைகளுக்கும் இடையிலான பெரும் வேறுபாடு மாறவில்லை. நிற்க முடியாமற்போன பின் அறுவை எவ்வளவு விரைவாக நடக்க வேண்டும், தலையை எவ்வளவு திருத்திவைக்கலாம் என்பவற்றில் அறுவை மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கணத்துக்கு முன்பே கண்டறிவது நல்லது என்பதில் வேறுபாடு இல்லை. எட்டு வாரங்களில் முதல் ஏழு வாரமும் இந்தச் சிறுவன் பாதுகாப்பான வகையிலேயே இருந்தான் என்பது மனத்தை வருத்துவது.

இதைவிடச் சிறிய பிள்ளைகள் நொண்டும்போது ஐயத்தின் திசை மாறும். மூன்று முதல் எட்டு வயது வரை, சளி காய்ச்சலுக்குப் பின் வரும் நிலையற்ற மூட்டு அழற்சி ஓரிரு வாரத்தில் தானே அடங்கிவிடும். அவ்வாறு அடங்காமல் நீடித்தால், தலைக்கு இரத்தம் தடைபடும் பெர்த்தெஸ் நோயைக் கருத வேண்டும். எவ்வயதாயினும் காய்ச்சலோடு பிள்ளை காலை ஊன்ற மறுத்து, இடுப்பைச் சிறிது அசைத்தாலே அலறினால், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். சீழ் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும் என்பதால், அங்கே காத்திருப்புக்கு இடமில்லை, அன்றே மருத்துவமனை சேர வேண்டும்.

திருகாணி போட்ட பின்னும் கண்காணிப்பு முடிவதில்லை. மறுபக்க இடுப்பும் வழுகக் கூடும். வழுகினால் அது பெரும்பாலும் முதல் வழுகலிலிருந்து 18 மாதங்களுக்குள் நிகழ்கிறது. எனவே வளர்ச்சித் தட்டு மூடும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை இரு இடுப்புகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. 10 வயதுக்குக் குறைந்தோ 16 வயதுக்கு மேற்பட்டோ, எடை மிகாமலோ, வயதுக்கேற்ற உயரமின்றியோ உள்ள பிள்ளைக்குத் தலை வழுகினால், தைராய்டு குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனைகள் தேவைப்படும். அத்தகைய பிள்ளைகளுக்கும், மிக இளவயதினருக்கும், தொலைவூர்களிலிருந்து திரும்பத் திரும்ப வர இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், நலமாக உள்ள மறுபக்க இடுப்புக்கும் அதே அறுவையிலேயே ஒரு திருகாணி போட்டுவிடுவதை மருத்துவர் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதுண்டு.