முகூர்த்தம் முன்னே போனால் பெரியவர்களுக்கு என்ன சொல்வது?

பத்திரிகை அடித்துப் பாதி ஊருக்கு வைத்தும் ஆகிவிட்டது. ஆவணி நடுவில் ஒரு ஞாயிறு, வளர்பிறை சப்தமி, காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள் துலாம் லக்னத்தில் முகூர்த்தம். பெண் வீட்டார் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம் இது. மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதர் திருக்கணிதத்தைப் புரட்டுகிறார். அதில் சப்தமி ஒன்பது மணி சுமாருக்கே முடிந்து அஷ்டமி பிறந்துவிடுகிறது. இரண்டு பஞ்சாங்கங்களும் கணக்கிடும் முறை வேறு என்பதால் திதி முடியும் நேரம் சில மணி நேரம்கூட விலகும். எது சரி என்று சண்டை போடுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான நேரத்துக்கு நகர்வதுதான் வழக்கம். அப்படி 7.30க்கு மேல் 9.00க்குள், கன்னி லக்னத்துக்கு வந்துவிட்டார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பழைய நேரம் ஒன்பதில் தொடங்கியது. புதியது ஒன்பதில் முடிகிறது. திருமங்கலத்தில் இருக்கும் 78 வயதுப் பெரியப்பாவிடம் தொலைபேசியில் "ஏழரைக்கு மேல ஒன்பதுக்குள்ள" என்றால், ஏற்கெனவே மனத்தில் பதிந்துபோன அந்த "ஒன்பது"தான் அவர் காதில் விழும். "சரிப்பா, ஒன்பதுக்கு வந்துடறேன்" என்பார். அவர் வந்து இறங்கும்போது பந்தி நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே பெரியவர்களுக்கு முகூர்த்த நேரத்தைச் சொல்வதைவிட, கிளம்ப வேண்டிய நேரத்தைச் சொல்வதே மேல். அதைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். தாலி கட்டு ஏறத்தாழ எத்தனை மணிக்கு என்று முதலில் புரோகிதரிடம் கேளுங்கள். 8.20 என்கிறார். பெரியப்பா 7.45க்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர். பந்திக்குக் காத்திருக்க முடியாது. ஏழு மணிக்கே அவருக்கு இட்லி கிடைக்க வேண்டும். இதைச் சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அப்படியானால் மதுரை மண்டபத்துக்கு 6.45க்கு வரவேண்டும். திருமங்கலத்திலிருந்து காலை வேளையில் முக்கால் மணி நேரம் வைத்தால், ஆறு மணிக்குக் கார் கிளம்ப வேண்டும்.

பேச்சும் அந்த வரிசையிலேயே போகட்டும்: "பெரியப்பா, கல்யாணம் அதே ஞாயித்துக்கிழமைதான், மண்டபமும் அதேதான். நேரம் மட்டும் முன்னாடி வந்திருக்கு. காலையில ஆறு மணிக்கு வீட்டு வாசல்ல கார் நிக்கும். நீங்க மருந்தைக் கையோட எடுத்துக்குங்க, டிபன் மண்டபத்துல ஏழு மணிக்கு ரெடியா இருக்கும்." மாறாததை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "மாறிடுச்சு" என்ற சொல் காதில் விழுந்ததும் கல்யாணமே தள்ளிப்போய்விட்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. கடைசியில், "எத்தனை மணிக்குக் கார் வரும்னு சொன்னேன் பெரியப்பா?" என்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். "ஆறு மணிக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். பத்திரிகையில் பழைய நேரத்தை அடித்துவிட்டு அந்த இடத்தில் பேனாவால் "கார் காலை 6" என்று எழுதும்படி வீட்டிலிருக்கும் பேரனிடம் சொல்லுங்கள். காலண்டர் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் அந்தப் பத்திரிகையைத்தான் அவர் தினமும் பார்ப்பார்.

யார் பேசுவது என்பதும் முக்கியம். தட்டில் வைத்து அழைத்த வீட்டுக்கு, அழைக்கப் போனவரே பேச வேண்டும். வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டால், "ஒரு வார்த்தை சொல்லலையே" என்ற வருத்தம் பத்து வருடம் ஓடும். இளையவர்களுக்கு வாட்ஸ்ஆப் போதும். அதிலும் பழைய பத்திரிகைப் படத்தின்மேல் கோடு போட்டு அனுப்பாதீர்கள். சின்னத் திரையில் இரண்டு நேரமும் தெரிந்து குழப்பும். புதிய நேரம் மட்டும் உள்ள ஒரு செய்தி போதும்:

"திருமண நேரம் மாற்றம். நாள், மண்டபம் மாறவில்லை. ஞாயிறு காலை 7.30 – 9.00 முகூர்த்தம். 7.00 மணிக்குள் வந்துவிடவும். பழைய பத்திரிகைப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்."

வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தேனியிலிருந்து விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டி வருவதைவிட, சனிக்கிழமை மாலையே வரச் சொல்லிவிடலாம். ஆனால் அழைக்கும் முன் கீழ்த்தளத்தில் ஓர் அறையும், அதில் உட்கார்ந்து போகும் கழிப்பறையும் இருக்கிறதா என்று மண்டபத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல மண்டபங்களில் தங்கும் அறைகள் மாடியில்தான் இருக்கும். லிப்ட் இருந்தாலும் முதல் நாள் சாமான் ஏற்றுவதிலேயே அது மாட்டிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் இன்னொரு முறை பேசி, காரோட்டுபவரின் பெயரையும் எண்ணையும் பெரியப்பாவிடமும் பேரனிடமும் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பேசினால் அவர் தூங்கியிருப்பார்.