பதினெட்டு லட்சம் மிஞ்ச எத்தனை கிரைண்டர் விற்க வேண்டும்?

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை வைத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஆனால் கணக்கின் போக்கு எந்தத் தொழிலுக்கும் இதுவே. ஒரு கிரைண்டரை 4,000 ரூபாய்க்கு டீலருக்குத் தருகிறார்கள். இதில் ஜிஎஸ்டி சேராது. அது அரசுக்குப் போகிற பணம், விற்பனை வருமானம் அல்ல. கல், டிரம், மோட்டார், பெல்ட், பேக்கிங், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து ஒரு கிரைண்டருக்கு 2,800 ரூபாய் ஆகிறது. மிச்சம் 1,200. ஒரு கிரைண்டர்கூட விற்காவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய ஷெட் வாடகை, மாதச் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம் ஆகியவை வருடத்துக்கு 48 லட்சம்.

வரி கட்டியபின் 18 லட்சம் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்கு எத்தனை கிரைண்டர் போக வேண்டும்?

பலர் 48-உடன் 18-ஐக் கூட்டி, 66 லட்சத்தை 1,200-ஆல் வகுத்து 5,500 என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி விற்றால் 18 லட்சம் லாபம் வரும், வரிக்கு முன்னால். சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு 22 சதவீத வரி, அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் 4 சதவீத செஸ் என மொத்தம் 25.168 சதவீதம் போய்விடும். கையில் நிற்பது 13.47 லட்சம்தான்.

சரி, வரியையும் சேர்ப்போம் என்று 18 லட்சத்தின்மேல் 25.168 சதவீதத்தைக் கூட்டி 22.53 லட்சம் என்று எடுப்பவர்களும் உண்டு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 22.53 லட்சத்துக்கு வரி கட்டிப் பார்த்தால் 16.86 லட்சம்தான் மிஞ்சுகிறது. ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. காரணம், வரி விதிக்கப்படுவது மிஞ்சும் தொகையின்மேல் அல்ல, முழு லாபத்தின்மேல். நூறு ரூபாய் லாபத்தில் 74.83 ரூபாய் மிஞ்சும் என்றால், 18 லட்சத்தை 0.74832-ஆல் வகுக்க வேண்டும். வருவது 24.05 லட்சம். அதனுடன் 48 லட்சத்தைக் கூட்டினால் 72.05 லட்சம். 1,200-ஆல் வகுத்தால் 6,005 கிரைண்டர். விற்பனைத் தொகை ஏறத்தாழ 2.40 கோடி.

இதையே இன்னொரு வழியிலும் பார்க்கலாம். தொழில் நடத்துகிறவருக்கு இதுதான் மனதில் நிற்கும். முதல் 4,000 கிரைண்டர் 48 லட்சச் செலவை அடைக்கவே சரியாகப் போய்விடுகிறது. அதுவரை லாபமும் இல்லை, வரியும் இல்லை. அதனால் வரி விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த 4,000 மாறாது. 4,001-வது கிரைண்டரிலிருந்துதான் அரசு பங்கு கேட்கிறது. ஒவ்வொரு 1,200 ரூபாயிலும் 302 வரிக்கு, 898 கம்பெனிக்கு. அந்த 898 எத்தனை சேர்ந்தால் 18 லட்சம்? இன்னும் 2,005 கிரைண்டர்.

இதே தொழில் பார்ட்னர்ஷிப்பாக நடந்தால் வரி, செஸ்ஸுடன் 31.2 சதவீதம். அப்போது 6,181 கிரைண்டர் தேவை, அதாவது 176 கூடுதல். கம்பெனியே மேல் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. கம்பெனி தரும் டிவிடெண்டுக்குப் பங்குதாரர் தனியாக வரி கட்ட வேண்டும். பார்ட்னரின் லாபப் பங்குக்கு அது இல்லை.

வரியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் தள்ளுபடியை அசட்டையாகக் கொடுத்துவிடுவதுதான் வேடிக்கை. தீபாவளி சீசனில் டீலர் கேட்கிறார் என்று தொடங்கிய 200 ரூபாய் தள்ளுபடி வருடம் முழுக்க நீடித்தால், மிச்சம் 1,200-லிருந்து 1,000 ஆகிறது. அதே 18 லட்சத்துக்கு இப்போது 7,206 கிரைண்டர் வேண்டும். வரி விகிதம் ஆறு சதவீதப் புள்ளி ஏறியதால் கூடியது 176. விலையில் ஐந்து சதவீதம் விட்டுக்கொடுத்ததால் கூடியது 1,201. ஷெட்டில் வருடத்துக்கு 6,500-தான் செய்ய முடியும் என்றால் இன்னொரு ஷிப்ட் போட வேண்டும். சூபர்வைசர், கரண்ட் என்று அந்த 48 லட்சமே ஏறும். கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

பழைய நஷ்டம் இருந்தால் கணக்கு இறங்கும். போன வருட நஷ்டம் 10 லட்சத்தை இந்த வருட லாபத்தில் கழித்துக்கொண்டால், அந்த 10 லட்சத்துக்கு வரி இல்லை. 5,725 கிரைண்டரே போதும். தொழில் நஷ்டத்தை எட்டு வருடம்வரை இப்படிக் கொண்டுபோகலாம். ஆனால் நஷ்டம் வந்த வருடத்தின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நஷ்டம்தானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று விட்டவர் 280 கிரைண்டர் அதிகமாக விற்றாக வேண்டும்.