பழைய சிம் போய்விட்டதா? ஜிமெயிலின் இரண்டாம் பூட்டைத் திறக்க எது ஆதாரம்?

வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லும் சகோதரர்களின் ஊர் சிம், ரீசார்ஜ் செய்யப்படாமல் கிடந்து செயலிழந்துவிடுகிறது. பிரீபெய்டு எண்ணை 90 நாட்கள் எதற்கும் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். அதன்பின் குறைந்தது 90 நாட்கள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகலாம். ஜிமெயிலில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் ஓடிபி நம் கைக்கு வராது.

பலர் உடனே ஆதார் அட்டையைத் தேடுகிறார்கள். ஜிமெயிலுக்கு அது உதவாது. அட்டையை வாங்கிப் பார்த்து இந்தப் பூட்டைத் திறந்துவிடும் அலுவலகம் கூகுளுக்கு இல்லை. கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் கருவியும், முன்பே எடுத்து வைத்த எண்களும்தான் அங்கே ஆதாரம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கள்ளக்குறிச்சிச் சகோதரர் ஒருவர் குவைத்திலிருந்து திரும்புகிறார். அவருடைய பழைய போன், கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் கடை வைத்திருக்கும் தம்பியிடம் இருக்கிறது. அதில் சிம் இல்லை. ஆனால் அண்ணனின் ஜிமெயில் இன்னும் திறந்தே இருக்கிறது. இதுவே போதும். கூகுளுக்கு அந்தப் போனில் இணையம் வேண்டும், சிம் வேண்டியதில்லை. மலையில் சிக்னல் சரியில்லை என்றால் போனைக் கீழே கொண்டுவந்து வைஃபையில் இணைத்தால் சரி.

அந்தப் போனில் Settings, Google, Manage your Google Account, Security என்று வரிசையாகச் சென்று 2-Step Verification-ஐத் திறக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும். உள்ளே சென்றதும் பழைய எண்ணை நீக்கிவிட்டுப் புதிய எண்ணைச் சேர்க்கலாம். வேண்டாம் என்றால் Turn off கொடுத்து முழுவதும் நிறுத்தலாம். எண்ணை மாற்றுவதே நல்லது. நிறுத்திவிட்டால் கடவுச்சொல் தெரிந்த எவரும் உள்ளே வரலாம். கணக்கு மீட்புக்கான எண்ணாக அதே பழைய எண் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, "போன் மெதுவாக ஓடுகிறது" என்று தம்பி அதை ஃபார்மட் செய்துவிடுவது. அத்தோடு அந்த ஆதாரம் அழிந்துவிடும்.

பழைய போனும் இல்லை என்றால், உள்நுழையும் திரையில் Try another way-ஐ அழுத்த வேண்டும். முன்பு எழுதி வைத்த 8 இலக்க மாற்று எண்கள் இருந்தால் ஒன்றைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதுவும் இல்லாதவர்கள் g.co/recover முகவரியில், வழக்கமாகப் பயன்படுத்திய கணினியிலும் வழக்கமான இடத்திலும் இருந்து முயல வேண்டும். பதில் வரச் சில நாட்கள் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம்.

பணம் கொடுத்தால் திறந்து தருவதாகச் சொல்பவரிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அடுத்து பயணம் புறப்படுபவர்கள், சிம் உயிரோடு இருக்கும்போதே அந்த 10 மாற்று எண்களைத் தாளில் எழுதி பாஸ்போர்ட் நகலோடு வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.