ஜெயித்த குதிரை, குறைந்த பணம்

1884ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் செயின்ட் கேட்டியன், ஹார்வெஸ்டர் என்ற இரண்டு குதிரைகள் ஒன்றாகவே முடிவுக்கோட்டைத் தொட்டன. எது முந்தியது என்று நடுவரால் சொல்ல முடியவில்லை. 1828 டெர்பியிலும் இதே சிக்கல் வந்தது. அப்போது இரண்டு குதிரைகளையும் மறுபடி ஓடவிட்டார்கள், காட்லண்ட் ஜெயித்தது. 1884இல் உரிமையாளர்கள் அதற்குப் போகாமல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஓர் ஓட்டத்துக்கு 'ஹீட்' என்று பெயர். முடிவு தராத ஓட்டம் கணக்கில் சேராது, செத்த ஓட்டம். அதனால்தான் 'டெட் ஹீட்'. உரிமையாளர்கள் பரிசைப் பாதியாக்கிக்கொள்ளலாம். பணம் கட்டியவனுக்கு எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

பிரிட்டிஷ் புக்கிகளின் விதி எளிமையானது: கட்டிய பணத்தைப் பாதியாக்கு, விலையைத் தொடாதே. ஒன்றுக்கு ஐந்து என்ற விலையில் ஒருவர் 10 பவுண்ட் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிரை தனியாக ஜெயித்தால் லாபம் 50, முதல் 10, ஆக 60 கைக்கு வரும். இரண்டு குதிரைகள் சமமாக வந்தால் 5 பவுண்ட் ஜெயித்ததாகவும், மீதி 5 தோற்றதாகவும் கணக்கு. ஜெயித்த 5க்கு லாபம் 25, அதோடு அந்த 5, மொத்தம் 30. பலர் லாபம்தான் பாதியாகும், கட்டிய 10 முழுசாகத் திரும்பும் என்று நினைத்து 35 எதிர்பார்ப்பார்கள். கவுண்டரில் சண்டை தொடங்குவது அந்த 5 பவுண்டில்தான்.

எல்லோரும் ஜெயிக்கும் என்று நம்பிய குதிரையில் இந்த விதி இன்னும் கடுமையாகக் கடிக்கும். ஒன்றுக்கு ஒன்று என்ற விலையானால் போட்ட 10 மட்டும் திரும்ப வரும். இரண்டு கட்டினால் ஒன்றுதான் லாபம் என்ற விலையானால், 5க்கு இரண்டரை சேர்ந்து ஏழரை பவுண்ட். குதிரை முதலிடம், கட்டியவருக்கு இரண்டரை பவுண்ட் நஷ்டம். மூன்று குதிரைகள் சமமாக வந்தால் பணம் மூன்றில் ஒரு பங்காகும். 1944இல் நியூயார்க்கின் அக்விடக்ட் மைதானத்தில் கார்ட்டர் ஹேண்டிகேப்பில் அப்படியும் நடந்திருக்கிறது.

டென்னிஸில் இரண்டு பேர் சமமாக முடிக்க வழியில்லை. அங்கே சிக்கல், ஆட்டம் முடியாமலே முடிந்துபோவது. 2017 விம்பிள்டன் முதல் சுற்றில் ஜோகோவிச் 6-3, 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது எதிராளி கிளிசான் காயத்தால் விலகினார். அடுத்து அதே சென்டர் கோர்ட்டில் ஃபெடரருக்கு எதிரே டோல்கோபோலோவ் 3-6, 0-3 என்ற நிலையில் விலகினார்.

ஜோகோவிச் மேல் கட்டியவருக்குப் பணம் உண்டா? அது கட்டிய இடத்தைப் பொறுத்தது. சில புக்கிகளிடம் முதல் பந்து போடப்பட்டாலே பெட் செல்லும். சிலரிடம் ஒரு செட் முடிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளிலும் அவருக்கு லாபம். ஆட்டம் முழுதாக முடிய வேண்டும் என்பவரிடம் பெட் ரத்து, கட்டிய பணம் மட்டும் திரும்பும். கிளிசான் முதல் செட்டின் நடுவிலேயே விலகியிருந்தால் முதல் விதியில் மட்டுமே லாபம். ஆனால் 'முதல் செட் யாருக்கு' என்று கட்டிய பெட்டைப் பொதுவாக இந்த விலகல் தொடாது. அந்த செட் முடிந்துவிட்டது. 'மூன்று நேர் செட்டில் ஜெயிப்பார்' என்ற பெட் பொதுவாக ரத்தாகும், ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

எந்த விதியிலும் ஒருவருக்கு வயிற்றெரிச்சல் உண்டு. முழு ஆட்ட விதியில், தோல்விக்கு ஒரே ஒரு கேம் மிச்சமிருக்கும்போது ஆட்டக்காரர் விலகினால், அவர் மேல் கட்டியவர்கள் பணத்தோடு தப்பிவிடுவார்கள். ஒரு செட் விதியிலோ ஆபத்து வேறு. விலகலே வெற்றியாகக் கணக்கிடப்படுவதால், விலகப்போகிறார் என்று முன்கூட்டித் தெரிந்தவனுக்கு அது காசு.

2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட்டில் அந்தச் சந்தேகம் வெடித்தது. உலகின் நான்காம் நிலை ஆட்டக்காரர் டேவிடென்கோ முதல் செட்டை 6-2 என்று எடுத்தார். அதற்குப் பிறகும் எதிராளி வசாலோ அர்குவேலோ மேல் பணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு குவிந்தது. இரண்டாம் செட்டை இழந்து, மூன்றாவதில் 1-2 என்றிருந்தபோது டேவிடென்கோ காயம் என்று விலகினார். பெட்ஃபேர் அந்த ஆட்டத்தின் பெட்கள் அத்தனையையும் ரத்து செய்தது. நீண்ட விசாரணைக்குப் பின் 2008இல் இரு ஆட்டக்காரர்கள் மேலும் குற்றமில்லை என்று முடிவானது.

ஆட்டக்காரர்கள் மேல் களங்கம் இல்லை. ரத்தான பெட்களும் ரத்தானதுதான். எப்சம் நடுவரின் கண் பிரிக்க முடியாததைப் பின்னாளில் கேமரா பிரித்துக் காட்டியது. ஒரு மனிதன் ஏன் ராக்கெட்டைக் கீழே வைத்தான் என்பதைப் படம் பிடிக்க இன்னும் கேமரா வரவில்லை. அதனால்தான் டென்னிஸ் பெட்டுக்கு மூன்று விதிகள் இருக்கின்றன. பணம் கட்டிய சீட்டில் எது எழுதியிருக்கிறதோ, அதுதான் ஸ்கோர்.