முதலாமிடம் வரும்வரை காத்திருக்கச் செய்வது எப்படி?

மலையக இளைஞர் பலர் இன்று கைத்தொலைபேசியிலேயே காணொளி தயாரித்து யூடியூபில் வெளியிடுகின்றனர். பத்தாம் இடத்தில் தொடங்கி முதலாம் இடத்தில் முடியும் இறங்குவரிசைக் காணொளிகள் அவற்றுள் ஒரு வகை. சிறந்ததை இறுதிக்கு வைத்துவிட்டால் பார்ப்பவர் காத்திருப்பார் என்ற நம்பிக்கையில் இவை உருவாகின்றன. ஆனால் ஐந்தாவது அருவியும் ஆறாவது அருவியைப் போலவே விழுமாயின், எத்தனை பேர் முதலாவது அருவிவரை பொறுத்திருப்பர்?

இந்த உத்தி எமது நாட்டுக்குப் புதியதன்று. 1952 ஆம் ஆண்டு இலங்கை வானொலியில் ஆரம்பமான ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியை எமது முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி, ஒவ்வொரு இடத்தையும் ஒரு படியாகக் கூறி, உச்சப் படியிலுள்ள பாடலை இறுதியில் ஒலிக்கவிடுவார். ஆரம்பத்தில் அந்நிகழ்ச்சிக்குத் தரவரிசை இருக்கவில்லை. அது பின்னரே சேர்ந்தது. அங்கு இடைப்பகுதி தொய்யாமைக்குக் காரணம் வாராந்த மாற்றமே. சென்ற வாரம் முதலாவதாக இருந்த பாடல் இவ்வாரம் ஆறாவதாகச் சரிந்திருக்கும். புதிய பாடலொன்று திடீரென நுழைந்திருக்கும். ஆகவே ஆறாம் இடத்துக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது.

இடங்களை வரிசைப்படுத்தும் காணொளிக்குச் சென்ற வாரம் என்று ஒன்றில்லை. அந்தப் புதுமையை வேறு வழியில் உண்டாக்க வேண்டும். றொசல்ல புகையிரத நிலையத்திலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பாதையை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம். ‘மலையை வென்ற பாதையின் ஐந்து இடங்கள்’ என்பது தலைப்பு, காணொளியின் நீளம் ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எந்த அளவுகோலின்படி வரிசைப்படுத்துகிறோம் என்பதை முதல் இருபது செக்கன்களுக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் வரிசை தயாரிப்பாளரின் விருப்பமாகவே தோன்றும்.

ஐந்தாம் இடத்துக்கு மிகப் பலவீனமானதை வைப்பது பொதுவான தவறு. காணொளியில் முதலில் வருவது அதுவே. பார்ப்பவர் தங்குவதா போவதா என்று தீர்மானிப்பதும் அங்கேதான். எனவே அங்கே ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தை வைக்கலாம். திரை இருண்டு, பெட்டிகளின் ஓசை மட்டும் கேட்கும் சில செக்கன்கள் எவரையும் நிறுத்திவைக்கும். நான்காவது, தலவாக்கலைப் பகுதியில் பாதையிலிருந்து தெரியும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி. அழகை மட்டும் காட்டினால் அது இன்னோர் அருவியே. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்காக அதன் நீர் திருப்பப்பட்டதைச் சொன்னால், அங்கு ஒரு கேள்வி பிறக்கிறது. மூன்றாவது, இலங்கையின் மிக உயரமான நிலையமாகிய பட்டிப்பொல. 1,890 மீற்றரைத் தாண்டிய உயரம் என்பதைத் தவிர அங்கு காட்சிக்கு அதிகமில்லை. ஆதலால் பெயர்ப்பலகையும் மூடுபனியுமாக அரை நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். செவிக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று, குறுகிய மூச்சாக ஒன்று என இவை மாறி மாறி வருவதால் நடுப்பகுதி சலிப்பதில்லை.

எல்லோரும் முதலிடத்தில் எதிர்பார்ப்பது 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையே. அதை இரண்டாவதாகக் காட்டியதும் ‘இதையும் விஞ்சியது எது?’ என்ற ஆவல் எழும். அந்த ஆவலுக்கு ஈடான விடை இல்லாவிட்டால் இது ஏமாற்று வேலையாகிவிடும். பார்த்தவர் அடுத்த காணொளிக்கு வரமாட்டார். இங்கு விடையுண்டு. தெமோதரையில் பாதை வளைந்து இறங்கி, தான் கடந்துவந்த அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகின்றது. இதைப் புரியவைக்க ஒரு வரைபடமும் நேரமும் தேவை. ஆகவே ஏழு நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை இதற்கே ஒதுக்கலாம்.

வெளியிட்ட பின்னர், பார்வையாளர் எவ்வளவு நேரம் தங்கினர் என்பதைக் காட்டும் கோட்டுப்படத்தை யூடியூப் தருகின்றது. நடுவில் பள்ளமும் இறுதியில் மேடும் தெரிந்தால், பலர் முதலிடத்துக்கே தாவிவிட்டனர் என்பது பொருள். விவரக்குறிப்பில் 00:00 இலிருந்து நேரங்களை இட்டு அத்தியாயம் பிரிக்கும்போது இடத்தின் பெயரை எழுதிவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். ‘ஐந்தாவது’, ‘நான்காவது’ என்று மட்டும் எழுதினால் இரகசியம் காக்கப்படும். ஆயினும் தாவுவோரை முற்றாகத் தடுக்க இயலாது. ஒவ்வோர் இலக்க அட்டையிலும் கோடு சிறிது சரிந்தால், அட்டை நீளமாகிவிட்டது. இரண்டு செக்கன் போதுமானது.

முதலிடம் முடிந்தபின் நன்றியுரையும் வேண்டுகோள்களும் நீண்டால் கோடு செங்குத்தாக வீழும். அவ்வேண்டுகோளை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு முன்னரே ஒரு வரியில் சொல்லிவிடலாம். தெமோதரைச் சுரங்கத்துள் கடைசிப் பெட்டி மறைந்ததும் காணொளி நிற்கட்டும்.