தேதியும் தவணையும்: ஸ்மார்ட் மீட்டர் உருவாகும் விதம்

வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் மின் மீட்டரை நாம் ஒரு சிறிய பெட்டியாகவே காண்கிறோம். ஆயின் இக்காலத்து ஸ்மார்ட் மீட்டருக்குள் இருவகைப் பொருள்கள் ஒருங்கே குடியிருக்கின்றன. ஒன்று, செம்பும் சிலிக்கனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த வன்பொருள். மற்றொன்று, அவற்றை இயக்கும் மென்பொருள். 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது நோக்கமாகக் கொள்ளப்பட்டது. இத்தனை பெரிய எண்ணிக்கையில் செய்யப்படும் ஒரு பொருளை வடிவமைப்போர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் மின்னியலைப் பற்றியதன்று, நாட்காட்டியைப் பற்றியது.

மென்பொருளில் ஒரு பிழை கண்டால் சில வரிகளைத் திருத்தி அன்றே மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். மீட்டரின் மேலுறையை வார்க்கும் எஃகு அச்சை அவ்வாறு திருத்த இயலாது. அச்சில் உலோகத்தை மேலும் குடைந்தெடுப்பது எளிது. குடைந்த இடத்தில் மீண்டும் உலோகத்தை நிரப்புவது அரிது. ஆகவே வன்பொருள் செய்வோர் தேதிகளை முன்னரே குறித்து, ஒவ்வொரு தேதியிலும் ஒரு தீர்மானத்தை முடித்துக்கொண்டு மேற்செல்வது வழக்கம். இத்தேதிகளுக்கு மைல்கற்கள் என்று பெயர். மென்பொருள் செய்வோரோ, 2001-இல் அமெரிக்காவில் பதினேழு நிபுணர்கள் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கைக்குப் பின்னர், இரண்டு வாரம் போன்ற குறுந்தவணைகளில் வேலையைப் பகுத்துக்கொண்டு, தவணைதோறும் இயங்கும் மென்பொருளைக் காட்டி, அடுத்ததை அப்போதைக்கப்போது முடிவு செய்யும் முறைக்குப் பழகிவிட்டனர். இத்தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். இவ்விரண்டையும் இணைக்கும் கலப்பு முறையை ராபர்ட் கூப்பர், அனிதா சோமர் ஆகியோர் 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக எடுத்துரைத்தனர்.

இணைப்பது என்றால் சுவரில் இரண்டு அட்டவணைகளை அருகருகே தொங்கவிடுவது அன்று. எந்தத் தவணையில் எந்த வேலையைச் செய்வது என்பதை மைல்கல் நிர்ணயிக்க வேண்டும். மைல்கல்லில் எதைத் தீர்மானிப்பது என்பதற்கு வேண்டிய சான்றைத் தவணை கொண்டுவர வேண்டும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு தொழிற்சாலை நாற்பது வாரங்களில் புதிய மீட்டர் ஒன்றை உற்பத்திக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டருக்கான இந்தியத் தர நிர்ணயமாகிய ஐ.எஸ். 16444-இன்படி மாதிரிகளைச் சோதனைக்கூடத்தில் தேர்வு செய்து சான்று பெற வேண்டும். சோதனைக்குப் பத்து வாரமும், அதன் பின்னர் ஏனைய நடைமுறைகளுக்கு இரண்டு வாரமும் ஒதுக்கினால், இறுதி வடிவிலுள்ள மாதிரிகள் 28-ஆம் வார முடிவில் கைக்கு வந்திருக்க வேண்டும். மேலுறையின் அச்சைக் குடைவதற்கு எட்டு வாரம். வார்த்துப் பார்த்துத் திருத்துவதற்கு நான்கு வாரம். எனவே 16-ஆம் வார முடிவில் மேலுறையின் உள்ளளவுகள் உறுதியாகிவிட வேண்டும். முதல் மின்சுற்றுப் பலகையின் வரைபடம் 6-ஆம் வார முடிவில் வெளியேறினால், பலகை 10-ஆம் வார முடிவில் பாகங்களுடன் வந்து சேரும். இவையே அசையாத தேதிகள். இவற்றுக்கிடையே இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருபது தவணைகள் அமைகின்றன.

இனி, மென்பொருள் குழுவைத் தன் போக்கில் விட்டால் முதலில் எதைச் செய்யும்? வாடிக்கையாளர் கண்ணால் காணக்கூடியவற்றை: திரையில் தோன்றும் எண்கள், கட்டண விகிதங்கள், முன்பணம் தீர்ந்தால் விடுக்கும் எச்சரிக்கை. அஜைல் முறையின்படி இது பிழையுமன்று, பயன் மிகுந்ததே முதலில் வர வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் இவற்றுள் எதுவும் 16-ஆம் வாரத் தீர்மானத்துக்கு உதவாது. அதற்கு வேண்டியது வேறொரு சிறு வேலை. பழகியவர் அல்லாதார் அதைக் கடைசித் தவணைகளுக்குத் தள்ளிவிடுவர்.

மின்சாரம் நின்றுபோகும் கணத்தில் மீட்டர் தன் இருப்பிடத்திலிருந்து ஒரு செய்தியை அனுப்ப வேண்டும். பொறியாளர்கள் இதனைக் கடைசி மூச்சு என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவர். மின்சாரம்தான் இல்லையே, செய்தி அனுப்ப ஆற்றல் எங்கிருந்து வரும்? அதற்கென மிகைமின்தேக்கிகள் இரண்டைத் தொடராக இணைத்துப் பலகையில் வைக்கின்றனர். அவற்றின் அளவு எவ்வளவு என்பதை மின்னியல் மட்டும் சொல்லிவிடாது. செய்தியை அனுப்பி முடிக்க மென்பொருள் எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறது என்பதே அதை நிர்ணயிக்கிறது.

வானொலித் தொடர்புப் பகுதியும் பிறவும் சேர்ந்து சராசரி ஒரு வாட் திறனை உண்பதாகக் கொள்வோம். செய்தி பத்து விநாடியில் போய்விட்டால் 10 ஜூல் ஆற்றல் போதும். மின்தேக்கியின் அழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 3.6 வோல்ட் வரை இறங்கலாம் என்றால்,

E = ½ C (V₁² − V₂²)

என்னும் சமன்பாட்டின்படி ஏறத்தாழ 1.66 பாரட் தேவை. வெப்பத்தில் பல்லாண்டு இருக்கும் மின்தேக்கி தன் கொள்திறனில் முப்பது விழுக்காட்டை இழக்கலாம் என்பதால் 2.5 பாரட் வைப்பது முறை. இழந்த பின்னும் 1.75 எஞ்சும். 5 பாரட் மின்தேக்கிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் இது கிட்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் நீளமும் உடையது.

ஆனால் அலைவலு குன்றிய இடத்தில் செய்தி செல்ல முப்பது விநாடி ஆனால், மூன்று மடங்கு ஆற்றல் வேண்டும்; 15 பாரட் மின்தேக்கிகள் இரண்டு வேண்டும். அவை பருமனிலும் நீளத்திலும் பெரியவை. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். மேலுறையின் உட்பக்கத்தில் விலா எலும்புபோல் ஓடும் தாங்கி அந்தச் சில மில்லிமீட்டரில்தான் நிற்கிறது.

ஆகவே கலப்பு முறையில் திட்டமிடும் குழு, பலகை வந்த உடனே தொடங்கும் ஆறாம் தவணையில் பலகையை உயிர்ப்பிக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஏழாம் தவணையில், அழகு ஏதுமில்லாத எலும்புக்கூடு போன்ற ஒரு நிரலை எழுதும். அந்நிரல் மின்தடையை அறிந்து, திரையை அணைத்து, செய்தியை அனுப்பிவிட்டு நின்றுவிடும். கட்டணமும் கணக்கும் அதில் இல்லை. அதனை உண்மைப் பலகையில் ஏற்றி, அலைவலுவைக் குறைக்கும் சாதனத்தை ஆன்டெனாவின் வழியில் இணைத்து, மின்சாரத்தை நூறு முறையேனும் நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு முறையும் செலவாகும் நேரத்தையும் மின்னோட்டத்தையும் பதிவு செய்யும். சராசரி இங்கே பயனற்றது; மிகமோசமான சில முயற்சிகளே மின்தேக்கியின் அளவைச் சொல்லும்.

நல்ல அலைவலுவில் பத்து விநாடியும், குன்றிய இடத்தில் முப்பது விநாடியும் ஆயிற்று என்று கொள்வோம். இது 14-ஆம் வார முடிவில் தெரியவருகிறது. இன்னும் இரு வாரம் இருக்கிறது. எட்டாம் தவணையில் மென்பொருளார், ஒவ்வொரு முறையும் வலைப்பின்னலில் புதிதாகப் பதிவு செய்துகொள்வதைத் தவிர்த்து, இருக்கும் இணைப்பிலேயே செய்தியை அனுப்ப முயலலாம். உறை வரைபவர் தாங்கியை நகர்த்திப் பெரிய மின்தேக்கிக்கு இடம் உண்டா என்று அதே இரு வாரத்தில் பார்க்கலாம். இருவரும் 16-ஆம் வாரத்தில் ஒரே மேசைக்கு வருகின்றனர். இதே அளவீடு 30-ஆம் வாரத்தில் நடந்திருந்தால், அச்சு முடிந்து மாதிரிகள் சோதனைக்கூடத்தில் இருந்திருக்கும். அலைவலு குன்றிய ஊர்களில் கடைசி மூச்சு கேட்காமலே போகும்.

எட்டாம் தவணையிலும் விடை கிட்டாவிட்டால் என் செய்வது? தேதியைத் தள்ளிப்போட எல்லாருக்கும் ஆசை எழும். அசையாத் தேதி என்பதன் பொருள் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. விடை தெரியாதபோது பெரிய மின்தேக்கிக்கு இடம்விட்டு உறையை முடிவு செய்ய வேண்டும். பலகையில் இரு அளவுகளுக்கும் பொருந்தும் துளைகளை அமைக்க வேண்டும். உறை சற்றுப் பெருக்கும். பிளாஸ்டிக் சற்று அதிகம் செலவாகும். தேதி நிற்கும், தவணைக்குள் அடங்கும் வேலையின் அளவுதான் கூடும் குறையும்.

நிற்க. இம்முறை எங்கே சீர்கெடுகிறது என்பதையும் காண வேண்டும். மிகப் பொதுவான குறை, தவணை முடிவில் காட்டப்படும் மென்பொருள் உண்மைப் பலகையில் ஓடாமல், பொறியாளரின் மேசையிலுள்ள பயிற்சிப் பலகையிலேயே ஓடிக்கொண்டிருப்பது. பயிற்சிப் பலகைக்கு மின்சாரம் சுவரிலிருந்து தடையின்றி வருகிறது, நினைவகமும் தாராளம். பத்தாம் வாரத்துக்குப் பின்னும் செயல்விளக்கம் அதிலேயே நடந்தால், அட்டவணையில் எத்தனை பச்சைக் குறிகள் இருப்பினும் நம்பலாகாது. மற்றொரு குறை, வன்பொருளாரையும் இரண்டு வாரத்துக்கொரு பலகை காட்டும்படி வற்புறுத்துவது. நான்கு வாரத்தில் வரும் பலகையை இரு வாரத்தில் யாரும் காட்ட இயலாது. அவர்கள் தவணை முடிவில் காட்டக்கூடியவை வேறு: கணினியில் செய்த மின்சுற்றுப் போலியாக்கம், முப்பரிமாண அச்சில் எடுத்த உறை, சில வேளைகளில் அட்டையில் வெட்டிய வடிவம். அந்த அட்டைக்குள் மின்தேக்கி நுழைகிறதா என்று பார்ப்பதற்கு எஃகு வேண்டியதில்லை.

மென்பொருளிலும் தேதிக்குக் கட்டுப்பட்ட பகுதி ஒன்று உண்டு. மின் அலகுகளைக் கணக்கிடும் அளவியல் பகுதி, சோதனைக்கு மாதிரிகளை ஒப்படைக்கும் 28-ஆம் வாரத்தில் முத்திரையிட்டதுபோல் நின்றுவிட வேண்டும். அதன்பின் ஒரு வரி மாறினாலும் சோதிக்கப்பட்ட மீட்டர் வேறு, விற்கப்படும் மீட்டர் வேறு என்றாகிவிடும். ஆகவே இப்பகுதியைத் தொடக்கத்திலேயே தனியே பிரித்து எழுதுகின்றனர். அப்போலோ விண்கலத்தின் கணினியில் மென்பொருள் முழுவதுமே இந்நிலையில் இருந்தது. அதன் 36,864 சொற்கள் கொண்ட நிலைநினைவகம் காந்த வளையங்களின் ஊடே கம்பியைக் கோத்து நெய்யப்பட்டது. நெய்வதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. நெய்தபின் நிரலைத் திருத்துவது கம்பியைத் திருத்துவதாகும். அங்கு மென்பொருளே வன்பொருளாகிவிட்டது.

மீட்டரில் எஞ்சிய பகுதிகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. வானொலி வழியே புதிய நிரலை அனுப்பிச் சுவரிலிருக்கும் மீட்டரிலேயே மாற்றலாம். எனவே தவணைகள் நாற்பதாம் வாரத்துடன் முடிவதில்லை. எனினும் புதிய நிரல் வந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பழைய நிரல் அழியாமல் இருக்க வேண்டும் என்பதால், நினைவகத்தில் இரண்டு பிரதிகளுக்கு இடம் தேவை. 1,024 கிலோபைட் நினைவகத்தில் ஒரு பிரதிக்கு 512 கிலோபைட்தான். மூன்றாம் தவணை முடிவில், வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்த நிலையில் நிரல் 140 கிலோபைட் என்றால், முழுமையில் 420 ஆகலாம், இடம் போதும். அதே நிலையில் 190 ஆகியிருந்தால் போதாது. அந்தச் சில்லைத் தேர்ந்தெடுக்கும் தேதி 6-ஆம் வார முடிவு. மூன்றாம் தவணை முடியும் அதே நாள்.