எம்ஆர்எஃப் பங்கின் ஆயிரமும் அப்போலோ பங்கின் பதினான்கும்

பங்குச் சந்தை சார்ட்டுகளின் அடியில் இரண்டு கோடுகளும் சில பட்டைகளுமாக ஓடும் மேக்டி, விலையின் வேகத்தை அளக்கும் கருவி. அமெரிக்காவின் ஜெரால்டு அப்பெல் 1970களின் பிற்பகுதியில் அதை உருவாக்கினார். பிபிஓ என்று சுருக்கமாக வழங்கும் பர்சன்டேஜ் பிரைஸ் ஆசிலேட்டரும் அதே கணக்கைத்தான் செய்கிறது. கூடுதலாக ஒரே ஒரு வகுத்தல். விலை மட்டத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு பங்குகளை ஒப்பிடும்போது, சரியான விடையும் தவறான விடையும் அந்த வகுத்தலில்தான் பிரிகின்றன.

இரண்டுக்கும் அடிப்படை இஎம்ஏ எனப்படும் நகரும் சராசரி. பழைய விலைகளைவிடப் புதிய விலைக்கு அதிக எடை தருவது இதன் இயல்பு. 12 நாள் சராசரி விலையோடு ஒட்டி விரைவாக நகரும். 26 நாள் சராசரி மெதுவாகப் பின்தொடரும். விலை வேகமாக ஏறினால் குறுகிய சராசரி நீண்டதைவிட மேலே போய் இடைவெளி விரியும். வேகம் குறைந்தால் இடைவெளி சுருங்கும். அந்த இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்வது மேக்டி. அதையே நீண்ட சராசரியின் சதவீதமாகச் சொல்வது பிபிஓ.

```
MACD = EMA(12) − EMA(26)
PPO  = (EMA(12) − EMA(26)) ÷ EMA(26) × 100
```

இரண்டிலும் கிடைக்கும் எண்களுக்கு 9 நாள் சராசரி எடுத்தால் அது சிக்னல் கோடு. அந்தக் கோட்டுக்கும் மூலக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசமே பட்டைகள். ஆக, மேக்டியின் விடை ரூபாயில் வருகிறது, பிபிஓவின் விடை சதவீதத்தில் வருகிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் நிறுவனத்தின் பங்கு 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான். அதே டயர் தொழிலில் இருக்கும் அப்போலோ டயர்ஸ் பங்கோ சில நூறு ரூபாயில் கைமாறுவது. ஒரே தொழிலில் எந்தப் பங்கு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க விரும்புபவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இயல்பு. கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். எம்ஆர்எஃப்: 12 நாள் சராசரி 1,21,000, 26 நாள் சராசரி 1,20,000. மேக்டி 1,000. அப்போலோ: 12 நாள் சராசரி 414, 26 நாள் சராசரி 400. மேக்டி 14.

ஆயிரத்தையும் பதினான்கையும் பார்ப்பவருக்கு எம்ஆர்எஃப் பறப்பதாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. எம்ஆர்எஃப்: 1,000 ÷ 1,20,000 × 100, அதாவது 0.83 சதவீதம். அப்போலோ: 14 ÷ 400 × 100, அதாவது 3.5 சதவீதம். இந்த எடுத்துக்காட்டில் அப்போலோவின் வேகம் எம்ஆர்எஃப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மேக்டி பொய் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய் இடைவெளி உண்மையில் இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய்ப் பங்கின் ஆயிரத்தையும் நானூறு ரூபாய்ப் பங்கின் பதினான்கையும் ஒரே தட்டில் வைத்ததுதான் பிழை.

ஒன்றிரண்டு பங்குகளில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐந்நூறு பங்குகளை ஸ்கேனரில் போட்டு மேக்டி அளவுப்படி வரிசைப்படுத்தும்போதுதான் அது ஒளிந்துகொள்கிறது. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: பட்டியலின் தலைப்பகுதியிலும் வால்பகுதியிலும் அதிக விலைப் பங்குகளே நிறைந்து, மலிவான பங்குகளெல்லாம் நடுவில் பூஜ்யத்தை ஒட்டிக் குவிந்திருந்தால், அந்தப் பட்டியல் வேகத்தை அல்ல, விலையைத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறது. அதே பங்குகளை பிபிஓப்படி அடுக்கினால் விலையின் அந்த ஆதிக்கம் போய்விடும்.

ஒரே பங்கின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடும்போதும் இதே சிக்கல் வருகிறது. சென்செக்ஸ் முதன்முதலில் 1,000 புள்ளியைத் தொட்டது 1990 ஜூலையில். 2024 ஜூலையில் அது 80,000ஐத் தாண்டியது. 1990இல் மேக்டி 30 புள்ளி என்றால் அது ஏறக்குறைய 3 சதவீத இடைவெளி, வலுவான ஓட்டம். 80,000இல் அதே 30 புள்ளி 0.04 சதவீதம்கூட இல்லை. நீண்ட கால சார்ட்டில் பழைய ஆண்டுகளின் மேக்டி தட்டையான கோடாகத் தெரிவதற்குக் காரணம் அந்த ஆண்டுகள் அமைதியாக இருந்ததல்ல, விலை சிறிதாக இருந்ததே.

இந்த விளைவு ஒரே ஏற்றத்துக்குள்ளேயே ஆளை ஏமாற்றக்கூடியது. ஒரு பங்கின் 26 நாள் சராசரி 200 ஆக இருந்தபோது இடைவெளி 10 ரூபாய் என்று கொள்வோம். சில மாதம் கழித்து அந்தச் சராசரி 300, இடைவெளி 12 ரூபாய். மேக்டி முந்தைய உச்சத்தைத் தாண்டிவிட்டது, வேகம் கூடியதாகக் காட்டும். பிபிஓ 5 சதவீதத்திலிருந்து 4க்கு இறங்கியிருக்கும். முதலீட்டாளரின் லாபம் சதவீதத்தில்தான் கணக்காகிறது என்பதால், பெரிய ஏற்றங்களில் பிபிஓ சொல்வதையே ஏற்பது சரி.

பங்கைப் பிரிக்கும்போதும் பிபிஓ நிலைத்து நிற்கும். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்தது. சார்ட் மென்பொருள் பழைய விலைகளையெல்லாம் பத்தால் வகுத்துச் சரிசெய்துகொள்ளும். அதற்கு முன் ஒருவர் குறிப்பேட்டில் 300 என்று எழுதி வைத்த மேக்டி, அந்தப் பிரிப்புக்குப் பிறகு அதே தேதியில் 30 என்று தெரியும். பிபிஓ எழுதி வைத்திருந்தால் ஒரு புள்ளியும் மாறியிருக்காது.

ஆனால் பிபிஓவிடம் இல்லாததை எதிர்பார்க்கக் கூடாது. பூஜ்யக் கோட்டை இரண்டும் ஒரே நாளில்தான் கடக்கும். இரண்டு சராசரிகளும் சமமாகும் நாள் அது, வகுத்தலால் அது மாறாது. சிக்னல் கோட்டை வெட்டும் நாள் மட்டும் எப்போதாவது சற்று முன்பின் ஆகும். ஆகவே ஒரே பங்கைச் சில வாரங்களுக்குப் பார்ப்பவருக்கு மேக்டியே போதும்.

இன்னொரு வரம்பு இதைவிட முக்கியமானது. பிபிஓ விலையின் அளவைச் சமன்செய்கிறது, பங்கின் குணத்தைச் சமன்செய்வதில்லை. சோப்பு, பிஸ்கட் விற்கும் பெரிய நிறுவனத்தின் பங்கு நிதானமாக நகர்வது. அதன் பிபிஓ 2 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வமாக இருக்கலாம். ஒரு சிறு நிறுவனப் பங்கு மாதத்துக்கு இருமுறை 6 வரை ஏறி இறங்கலாம். இரண்டும் இன்று 2 காட்டினால், முதலாவது தன் எல்லைக்கு வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் சாதாரண நிலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பங்கின் இரண்டு ஆண்டு பிபிஓவைப் பார்த்து, அதன் வழக்கமான உச்சத்தையும் அடியையும் குறித்துக்கொண்ட பிறகே இன்றைய எண்ணை அளக்க வேண்டும்.

விலை பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் பிபிஓ முற்றாகக் கைவிட்டுவிடும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அப்படி மைனஸுக்குப் போகக்கூடிய விலைகளிலும், இரண்டு ஒப்பந்தங்களின் விலை வித்தியாசத்தை மட்டும் வரைந்த சார்ட்டுகளிலும் வகுக்கும் எண் பூஜ்யத்தை ஒட்டியோ மைனஸாகவோ வரும். பிபிஓ அர்த்தமில்லாத உயரத்துக்குப் பாயும் அல்லது திசையையே மாற்றிக் காட்டும். அங்கே மேக்டியைத்தான் பயன்படுத்த வேண்டும்.